இனிஷியல் சேர்த்ததுக்கு நீல டிக் போகுமா?

குடியாத்தம்காரன்: எக்ஸ்ல பேருக்கு முன்னால "கு." போட்டேன், அவ்ளோதான். டிக் காணோம். மாசாமாசம் காசு போய்கினுதான் இருக்கு. மறுபடி விண்ணப்பிக்கிற ஃபாரம் எங்க இருக்கு? இனிஷியல் போட்டா பேர் மாத்தினதுன்னு எவன் சொன்னான்?

பாலாத்துமணல்: ஆதார்ல இருக்கிற பேரும் கணக்குல இருக்கிற பேரும் ஒத்துப்போகணும். அரசிதழ்ல பேர் மாத்தி, ஆதார் மாத்தி, அப்புறம் ஃபாரம். வேற வழி இல்ல.

காட்பாடி ஜங்ஷன்: அண்ணே, நீங்க சொல்றது இன்ஸ்டா, ஃபேஸ்புக் கதை. மெட்டா வெரிஃபைடுலதான் அடையாள அட்டைப் பேரைப் பார்ப்பாங்க. பேர் மாத்தினா திரும்ப அட்டையைக் காட்டணும். இவர் கேட்டது எக்ஸ். பேர் மாத்தினதுக்கு அங்க அரசிதழும் வேணாம், ஃபாரமும் கிடையாது. காசு கட்டி வாங்கின டிக்குல காட்டுற பேர், @ போட்ட பேர், படம், இந்த மூணுல எதைத் தொட்டாலும் டிக் தற்காலிகமா இறங்கும். கணக்கை மறுபடி பார்த்து முடிச்சதும் அதுவா ஏறும். அதுவரைக்கும் அந்த மூணையும் மாத்த விடாது.

குடியாத்தம்காரன்: மூணுல இனிஷியல் எங்க வந்துச்சு? இனிஷியல் அப்பா பேரு. எம் பேரு அப்படியேதான் இருக்கு.

காட்பாடி ஜங்ஷன்: உங்க அப்பா பேருன்னு அதுக்குத் தெரியுமா? பெட்டில இருந்த எழுத்து மாறிச்சு, முடிஞ்சது. ஒரு புள்ளி வச்சாலும் இதே கதைதான். இந்தக் கெடுபிடி சும்மா வரல. 2022 நவம்பர்ல எட்டு டாலர் கட்டினவன் எலி லில்லி மருந்துக் கம்பெனி பேரை வச்சுகினு, டிக்கோட "இன்சுலின் இனி இலவசம்"னு போட்டான். கம்பெனி மன்னிப்பு கேட்க வேண்டியதாச்சு. டிசம்பர்ல திரும்பத் திறந்தப்ப பேர் மாத்தினா டிக் இறங்கும்னு வச்சுட்டாங்க.

மக்கன்பேடா: என் யூடியூப் பிரியாணி சேனல்ல @ பேரை மாத்தினேன், டிக் அப்படியே இருக்கே? காட்பாடியார் சும்மா பயமுறுத்துறார். ஆம்பூர் பிரியாணி வேலூர் மாவட்டத்தோட பெருமை, எல்லாரும் பாருங்க.

காட்பாடி ஜங்ஷன்: யூடியூப்ல @ பேர் மாத்தினா போகாது, சேனல் பேரை மாத்தினா போகும். அங்கதான் மறுபடி ஃபாரம் போடணும், ஒரு லட்சம் சப்ஸ்கிரைபரும் வேணும். எக்ஸ்ல ரெண்டுமே ஆபத்து. அப்புறம், ஆம்பூர் 2019லயே திருப்பத்தூர் மாவட்டம் போயிடுச்சு.

மக்கன்பேடா: மாவட்டம் பிரிச்சா தேக்சாவும் பிரிஞ்சிடுமா?

பாலாத்துமணல்: அரசிதழ் இல்லாம எதுவும் நிக்காது. ரத்து பண்ணிட்டு புதுசா கட்டினா உடனே வரும்.

காட்பாடி ஜங்ஷன்: அதை மட்டும் செஞ்சிடாதீங்க. ரத்து பண்ணி திரும்பக் கட்டினாலும் பார்வை முதல்லேர்ந்துதான். இன்னொரு குழியும் இருக்கு: கம்மி விலைன்னு பேசிக் திட்டத்துல போய் விழுந்தா டிக்கே கிடையாது. பிரீமியம்தான் வேணும். குடியாத்தத்தார் செய்ய வேண்டியது ரெண்டு. Settings and privacy, Your account, Account information போய் Phone எதிர்ல உறுதி செஞ்ச நம்பர் இருக்கான்னு பாருங்க. அது இல்லாட்டி தகுதியே இல்ல. அப்புறம் Premium பக்கத்துல சந்தா ஓடுதான்னு பாருங்க. பிளே ஸ்டோர்ல வாங்கியிருந்தா பணம் பிடிக்கலியான்னு அங்கதான் தெரியும். ரெண்டும் சரின்னா கையைக் கட்டிகினு இருங்க.

குடியாத்தம்காரன்: நம்பர் இருக்கு, சந்தாவும் ஓடுது. அப்ப "கு."வை எடுத்துட்டா பழையபடி ஆயிடும்ல?

காட்பாடி ஜங்ஷன்: இப்ப எடுக்கவே விடாது. டிக் வந்தப்புறம் எடுத்தா மறுபடி இறங்கும், மறுபடி காத்திருக்கணும். பேர், படம் ரெண்டையும் மாத்துறதா இருந்தா ஒரே வாட்டியில மாத்தியிருக்கணும். @ பேரைத் தொடவே தொடாதீங்க. விட்ட பேரை எவனாவது எடுத்துகினா, உங்க பழைய புரொஃபைல் இணைப்பு அவன்கிட்ட போய் நிக்கும்.

பாலாத்துமணல்: போன வருஷம் மழைநீர் விவாதத்துலயும் இவர் இப்படித்தான் ஒருத்தரையும் பேச விடல. தனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனப்பு.

காட்பாடி ஜங்ஷன்: மழைநீருக்கும் அரசிதழ் கேட்டீங்களே அண்ணே, மறந்துடுச்சா?

குடியாத்தம்காரன்: அதெல்லாம் இருக்கட்டும். இனிஷியல் பேர் இல்ல. பள்ளிக்கூடத்துல கூட தனிக் கட்டத்துலதான் எழுதச் சொல்வாங்க.

காட்பாடி ஜங்ஷன்: எக்ஸ்ல தனிக் கட்டம் இல்ல.

குடியாத்தம்காரன்: இல்லன்னா அது அவங்க தப்பு.

மக்கன்பேடா: தேக்சாவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.