5 வயசு பையனுக்கு பல்ஸ் 118, பிபி 116/76. பல்ஸ் ரொம்ப அதிகமா? உதவி ப்ளீஸ்

ராமமூர்த்திநகர் அம்மா
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல மழை ஆரம்பிச்சாலே என் பையனுக்கு வீசிங் வந்துடும், இந்த தடவையும் அதேதான், நெபுலைசர் ஓடிட்டிருக்கு, டாக்டர் ஸ்டீராய்டு சிரப்பும் குடுத்தாங்க, அது முந்தாநாள்தான் முடிஞ்சுது. இன்னைக்கு சாயங்காலம் மாமனார் தன்னோட பிபி மெஷின்ல பாத்துட்டு இருக்கும்போது இவனும் எனக்கும் போடு தாத்தான்னு அடம் பிடிச்சான், போட்டா பிபி 116/76, பல்ஸ் 118. பிபி நார்மல்னு மெஷின்லயே பச்சை கோடு காட்டுது, அது பரவால்ல. ஆனா பல்ஸ்? நெட்ல எங்க பாத்தாலும் 60லேந்து 100தான் நார்மல்னு இருக்கு. திரும்ப போட்டா 114. பையன் நல்லா ஓடி ஆடிட்டுதான் இருக்கான், ஜுரம் இல்ல. மாமியார் இப்பவே எமர்ஜென்சிக்கு போலாம்கிறாங்க. ஹார்ட்ல ஏதாவது இருக்குமோ? வயசு 5, உயரம் 112 செ.மீ, எடை 18 கிலோ.

கோரமங்களா ஃபிட்னஸ்
டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர். பெரியவங்க பட்டைய குழந்தை கைல கட்டினா ரீடிங்கே தப்பு. பல்ஸ், பிபி ரெண்டையும் குப்பைல போடுங்க. குழந்தைங்களுக்கு பிபிலாம் வராது.

சிவாஜிநகர் பாய்
மாமனாருக்கு உப்ப கொறைங்க, ஊறுகா அப்பளம் ரெண்டும் நிப்பாட்டினா எங்க அத்தாவுக்கு 150 இருந்தது நல்லா கொறஞ்சுது. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.

ராமமூர்த்திநகர் அம்மா
பாய், ரீடிங் என் பையனோடது 🙂 மாமனார் நல்லா இருக்கார்.

வார்டு அக்கா
நான் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன்மா, டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுட்டு படிங்க. நீங்க பயப்படுறது பல்ஸுக்கு, நிம்மதியா இருக்கறது பிபிக்கு. எனக்கு அப்படியே தலைகீழா தோணுது.

முதல்ல பல்ஸ். 60லேந்து 100ங்கறது வளந்தவங்களுக்கு. பெரியவங்க இதயம் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி ரத்தத்த தள்ளும், 18 கிலோ பையனோடது சின்ன இதயம், அதுல பாதி கூட வராது. ஆனா அந்த உடம்புக்கு கிலோ கணக்குல பாத்தா நம்மள விட அதிகமா ஆக்சிஜன் வேணும். ஒரு தடவைக்கு கூட தள்ள முடியாதப்ப தடவைய கூட்டித்தானே ஆகணும், அதான் வேகமா அடிக்குது. கைக்குழந்தை முழிச்சிருக்கும்போது 150 அடிச்சா நாங்க யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டோம். 3லேந்து 5 வயசு வரைக்கும் முழிச்சிருக்கும்போது 80லேந்து 120 சாதாரணம், தூங்கும்போது 65லேந்து 100. பத்து பதினொண்ணு வயசுக்கு மேலதான் மெதுவா நம்ம கணக்குக்கு வரும்.

அதுலயும் உங்க பையன் நெபுலைசர்ல இருக்கான். சால்புடமாலோ லீவோசால்புடமாலோ போட்டா பல்ஸ் ஏறும், கொஞ்ச நேரத்துக்கு கையும் லேசா நடுங்கும். கடைசியா எப்ப நெபுலைசர் வச்சீங்க?

ராமமூர்த்திநகர் அம்மா
அரை மணி நேரம் கூட ஆகலக்கா. மருந்து லீவோசால்புடமால்தான். ஆனா பிபி 120/80க்கு கீழதானே இருக்கு, அதுல என்ன?

வார்டு அக்கா
அப்போ 118க்கு காரணம் கைலயே இருக்கு. நைட் அவன் நல்லா அசந்து தூங்கினப்புறம், நெபுலைசர் வச்சு நாலு மணி நேரமாவது ஆனப்புறம், இடது பக்க நெஞ்சுல கைய வச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க, குழந்தைங்களுக்கு மூச்சு இழுக்கும்போது வேகமாவும் விடும்போது மெதுவாவும் அடிக்கும், அது சகஜம், ஆனா கொறஞ்ச நேரம் எண்ணினா கணக்கு மாறிடும். ஜுரம் இருந்தா ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் பத்து ஏறும், அதையும் கழிச்சுதான் பாக்கணும். நாங்க பயப்படுற பல்ஸ் வேற மாதிரி இருக்கும், இந்த வயசுல சும்மா உக்காந்திருக்கும்போதே 180க்கு மேல, திடீர்னு ஆரம்பிச்சு, அழுதாலும் தூங்கினாலும் ஒரே நம்பர்ல நிக்கும். அப்படின்னா உடனே ஆஸ்பத்திரி.

இப்ப பிபி. 120/80 ங்கற கோடு 13 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குத்தான். அதுக்கு கீழ ஒரே கோடு கிடையாது, வயசு, ஆணா பொண்ணா, உயரம், மூணையும் வச்சு அட்டவணைல பாப்போம். அமெரிக்க குழந்தை மருத்துவ சங்கம் 2017ல போட்ட அட்டவணையத்தான் நாங்க வார்டுல வச்சிருக்கோம். உங்க பையன் மாதிரி 5 வயசு, 112 செ.மீ உயரம்னா நடுத்தரமா மேல் நம்பர் 94, கீழ் நம்பர் 53. நூறு பசங்கள்ல தொண்ணூறு பேர் 106/65க்குள்ள, தொண்ணூத்தஞ்சு பேர் 109/69க்குள்ள இருப்பாங்க. இப்ப உங்க 116/76அ இதுல வச்சு பாருங்க. தாத்தாவுக்கு பச்சை கோடு, பேரனுக்கு அது ரெண்டு நம்பர்லயும் பிபி அதிகம்ங்கற கட்டத்துல வரும். மெஷினுக்கு கைல கட்டியிருக்கறது யாருன்னு தெரியாதில்ல.

கோரமங்களா ஃபிட்னஸ்
அதான் நானும் சொன்னேன் அக்கா, பட்டை பெருசுன்னு. ரீடிங் தப்பு, மேட்டர் ஓவர்.

வார்டு அக்கா
தம்பி, பட்டை பொருந்தலங்கறது சரி, ஆனா எந்த பக்கம் தப்பு பண்ணும்னு பாக்கணும். சின்ன பட்டைய பெரிய கைல கட்டினா நம்பர் ஏறும், பெரிய பட்டைய சின்ன கைல கட்டினா நம்பர் இறங்கும். அப்போ தாத்தா பட்டைல 116 வந்திருக்குன்னா நிஜத்துல அதவிட கூட இருக்கவும் சான்ஸ் இருக்கு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, பையன் ஆட்டம் போட்டுட்டு வந்து உடனே கட்டிருப்பான், பேசிருப்பான், கைய ஆட்டிருப்பான், ஸ்டீராய்டு இப்பத்தான் முடிஞ்சிருக்கு, அதெல்லாம் நம்பர ஏத்தும். இந்த ரெண்டுல எது ஜெயிச்சுதுன்னு வீட்ல உக்காந்து சொல்ல முடியாது. அதனாலதான் குப்பைல போடக்கூடாது, நம்பவும் கூடாது, சரியா திரும்ப எடுக்கணும்.

அம்மா, அந்த பட்டைல என்ன சைஸ் போட்டிருக்குன்னு பாருங்க, தையல் டேப்ல பையனோட மேல் கை நடுவுல சுத்தளவும் எடுங்க.

ராமமூர்த்திநகர் அம்மா
பட்டைல 22-32 செ.மீன்னு போட்டிருக்கு. பையனுக்கு 17. கட்டும்போதே முழங்கை மடிப்பு வரைக்கும் மூடிடுச்சு, ஒட்டுற இடமும் ஏறி ஏறி போச்சு.

வார்டு அக்கா
17ன்னா உள்ள காத்து நிரம்பற பை அகலம் 7 செ.மீ கிட்ட, நீளம் 14க்கு கொறையாம இருக்கணும். தாத்தாவோடதுல அகலமே 12க்கு மேல இருக்கும். அத வச்சு இனி எடுக்காதீங்க. குழந்தை டாக்டர்கிட்ட குழந்தை பட்டை இருக்கான்னு போன்லயே கேட்டுட்டு போங்க, சில கிளினிக்ல பெரியவங்களோடது ஒண்ணுதான் வச்சிருப்பாங்க. அங்க போனதும் அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வைங்க, முதுகு சாஞ்சு, கால் தொங்காம கீழ ஸ்டூல், வலது கைல, பேச்சு கூடாது. மெஷின்ல அதிகமா வந்தா ஸ்டெத் வச்சு கையால எடுக்க சொல்லுங்க.

இன்னைக்கு நைட் எமர்ஜென்சி வேணாம்னுதான் எனக்கு படுது. ஆனா கடுமையான தலைவலி, விடாத வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கண்ண சுத்தி வீக்கம், டீ டிகாக்ஷன் கலர்ல யூரின், இதுல எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

எச்.ஏ.எல் மீனா
நடுவுல வர்றதுக்கு சாரி. எங்க அபார்ட்மென்ட் கேம்ப்ல என் 8 வயசு பொண்ணுக்கு 92/56 வந்துது, லோ பிபின்னு சொல்லி தினம் உப்பு போட்டு லெமன் ஜூஸ் குடுக்க சொன்னாங்க. ஒரு மாசமா குடுத்துட்டு இருக்கேன். இதுவும் பெரியவங்க கணக்கா?

வார்டு அக்கா
அதேதான். 1லேந்து 10 வயசு வரைக்கும் ஒரு சுலப கணக்கு வச்சுக்கோங்க, வயச ரெண்டால பெருக்கி எழுபத கூட்டுங்க, மேல் நம்பர் அதுக்கு கீழ போனாத்தான் லோ. 8 வயசுக்கு 86. உங்க பொண்ணோட 92 லோ இல்ல, பொண்ணு நல்லா இருக்கான்னா அந்த உப்ப நிறுத்துங்க. ஆனா இந்த 86ங்கற நம்பர தைரியத்துக்கு வச்சுக்காதீங்க. டெங்குலயோ பேதிலயோ தண்ணி வத்தும்போது குழந்தைங்க உடம்பு பல்ஸ ஏத்தி, ரத்தக்குழாய இறுக்கி, பிபிய கடைசி வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கும், விழுந்தா பொத்துன்னு விழும். அந்த நேரத்துல பிபி சரியா இருக்குன்னு உக்காரக்கூடாது, கை கால் ஜில்லுனு இருக்கா, யூரின் போகுதா, பல்ஸ் ஏறிட்டே போகுதான்னு பாக்கணும்.

கோரமங்களா ஃபிட்னஸ்
சரிக்கா, ஆனா 5 வயசுல ஒரு ரீடிங் வந்ததுக்கு பிபி பேஷன்ட்னு முத்திரை குத்துறது ஓவர் இல்லையா?

வார்டு அக்கா
யாரும் குத்தல தம்பி. தனித்தனியா மூணு விசிட்ல அதிகமா வந்தாத்தான் அந்த பேரே வரும்.

ராமமூர்த்திநகர் அம்மா
அப்டேட். நைட் தூங்கும்போது பல்ஸ் எண்ணினேன், 86. மாமியார் அப்பதான் தூங்கப் போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு டாக்டர்கிட்ட போனோம், குழந்தை பட்டை வச்சு கையாலயே எடுத்தாங்க, 108/66. கோட்டுக்கு பக்கத்துலதான் இருக்கு, சளியும் மருந்தும் முழுசா விட்டப்புறம் மூணு வாரத்துல திரும்ப வாங்கன்னாங்க. யூரின் டெஸ்ட் நார்மல். சளிக்கு மெடிக்கல்ல வாங்கி குடுத்த சிரப் பாட்டில காட்டினேன், ஃபினைல்எஃப்ரின் இருக்கு, அதுவும் பிபிய ஏத்தலாம், நிறுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. குளோர்ஃபெனிரமினோட சேத்து வர்ற அந்த சிரப் 4 வயசுக்கு கீழ குடுக்கவே கூடாதுன்னு 2023லயே மருந்து கட்டுப்பாட்டு துறை சொல்லிருக்காம், என் தங்கச்சி குழந்தைக்கு ரெண்டரை வயசு, அவளும் அதேதான் குடுத்துட்டு இருக்கா, இப்பத்தான் போன் பண்ணேன்.

வார்டு அக்கா
108/66 உங்க பையன் உயரத்துக்கு 106/65க்கும் 109/69க்கும் நடுவுல நிக்குது. அப்போ 116ல கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் மருந்து இருந்திருக்கும், முழுசா அதுதானான்னு மூணு வாரம் கழிச்சுதான் தெரியும். அன்னைக்கு கால்லயும் ஒரு தடவை பிபி எடுக்க சொல்லுங்க, கைய விட கால்ல கொறைவா இருந்தா மகாதமனி எங்கயாவது சுருங்கியிருக்கான்னு பாப்பாங்க. இன்னொண்ணு, பையன் நிறைமாசம்தானா?

ராமமூர்த்திநகர் அம்மா
இல்லக்கா, 31 வாரத்துல பொறந்தான். என்ஐசியூல இருந்தான், தொப்புள் வழியா லைன் போட்டிருந்தாங்க. அத இந்த டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல, அவங்களும் கேக்கல. அது சம்பந்தம் இருக்குமா?

வார்டு அக்கா
இருக்கலாம். குறைமாச குழந்தைங்களுக்கு கிட்னில வடிகட்டிகள் கொறைவா இருக்கும், தொப்புள் தமனி லைன்ல எப்பவாவது ரத்தக்கட்டி கிட்னி குழாய் வரைக்கும் போறதும் உண்டு. இவனுக்கு அப்படித்தான்னு நான் சொல்லல. டிஸ்சார்ஜ் சம்மரிய தேடி எடுத்துட்டு போங்க, கிட்னி ஸ்கேன் வேணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். மூணு வாரம் வரைக்கும் காத்திருக்காம இத நாளைக்கே போன்ல சொல்லிடுங்க.