மாடி பெடஸ்டல் டைல்ஸ் ஆடுது, கீழே ஹாலில் ஓதம். அவசரம்

சத்துவாச்சாரிக்காரன்: மொட்டை மாடியில வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, மேல திருகி உயரம் மாத்துற பெடஸ்டல் கால் வச்சு டைல்ஸ் போட்டு எட்டு மாசம் ஆச்சு. இப்ப நடந்தா டக் டக்னு சத்தம், சில டைல்ஸ் ஆடுது. போன வார மழையில ஹால் சீலிங்ல ஓதம். ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும். டைல்ஸ் இடுக்குல கிரௌட் அடைச்சா போதுமா?

பாலாறு: கிரௌட் மட்டும் அடைக்காதீங்க. மழைத்தண்ணி அந்த இடுக்கு வழியா இறங்கி, தண்ணி இறங்காம தடுக்கிற மெம்பிரேன் மேல ஓடித்தான் வெளியே போகணும். அடைச்சா மேலயே தேங்கும், நாளைக்கு டைலைத் தூக்கவும் முடியாது. மாடி அளவு, சரிவு எந்தப் பக்கம், பெடஸ்டல் உயரம், டைல் கனம், கீழ என்ன மெம்பிரேன்? ஆடுறது முழுக்கவா, ஒரு பக்கமா?

ஆம்பூர்சைட்: கேக்கவே வேணாம், வெயில்தான். சித்திரை வெயிலுக்கு தார் ஷீட் இளகும், பெடஸ்டல் அடித்தட்டு அதுல அமுங்கும். உயரம் மாறினா டைல் ஆடத்தான் செய்யும்.

தட்டோடு: தம்பி, செங்கல் ஜல்லி சுருக்கி, மேல தட்டோடு. நம்ம ஊர் மாடிக்கு அதுதான். விசாரிக்காம புதுசு புதுசா போட்டா இப்படித்தான் வந்து நிக்கணும்.

குடியாத்தம்வீடு: எங்க வீட்டுலயும் பெடஸ்டல்தான். ஹாலுக்கு வாங்கின 10 மி.மீ. டைலையே மேல வச்சாங்க, நாற்காலி போட்டதும் நடுவுல விரிசல். உங்களுக்கும் அதேதான்.

சத்துவாச்சாரிக்காரன்: 24க்கு 20 அடி. சரிவு 20 அடி நீளத்துல, அடிக்கு 3 மி.மீ. டைல் 2க்கு 2, கனம் 20 மி.மீ. பெடஸ்டல் பாக்ஸ்ல 40-70 மி.மீ.ன்னு இருக்கு, எல்லாம் ஒரே சைஸ். கீழ பியூ கோட்டிங். ஆடுறது தண்ணி போற குழாய்ப் பக்கம் மட்டும்.

பாலாறு: இப்ப புரியுது. 20 அடிக்கு மொத்தச் சரிவு 60 மி.மீ. மேட்டுப் பக்கம் 40ல ஆரம்பிச்சா, மேல மட்டமா நிக்க குழாய்ப் பக்கம் 100 வேணும். ஒரு டைலுக்கு 6 மி.மீ. ஏறும்: 40, 46, 52, 58, 64, 70. ஆறு வரிசையோட உங்க பெடஸ்டல் முடிஞ்சுது. மீதி 76லருந்து 100 வரை அஞ்சு வரிசை, வரிசைக்கு 13 வீதம் 65 பெடஸ்டல் எட்டாது. அங்க ஒண்ணு, திருகை அளவுக்கு மேல கழட்டியிருப்பாங்க, மரை பிடிக்காம ஆடும். இல்ல, அடியில துண்டுக்கல் வச்சு உயர்த்தியிருப்பாங்க. கல் முனை கோட்டிங்ல குத்தினா ஓதம்.

குழாய்ப் பக்கக் கடைசி வரிசையிலருந்து டைலைத் தூக்குங்க. ஒண்ணு 17 கிலோ வரும், டைல்ல ஒட்டிப் பிடிச்சுத் தூக்குற சக்கர் வச்சு ரெண்டு பேர். சாக்பீஸால நம்பர் போட்டுடுங்க.

ஆம்பூர்சைட்: பியூன்னா நான் சொன்ன அமுங்கல் பொருந்தாது. ஆனா ஓரத்து டைல் கைப்பிடிச் சுவரை முட்டுதான்னு பாருங்க. இடைவெளி இல்லன்னா வெயில்ல விரிஞ்சு மொத்தமும் நகரும்.

பாலாறு: அது சரி. சுத்தி 8 மி.மீ.யாவது விட்டிருக்கணும்.

தட்டோடு: சுருக்கியில இந்தக் கணக்கே வேண்டாம்.

ஆம்பூர்சைட்: சார், சுருக்கிக்கு அடியில கசிஞ்சா எங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? முழுக்க உடைக்கணும். இதுல டைலைத் தூக்கினா மெம்பிரேன் கண்ணுக்குத் தெரியும்.

தட்டோடு: கொத்தினாதான் கசியும். எடையைச் சொல்லுங்க, ஒத்துக்கிறேன், சுருக்கி பாரம்தான். குளிர்ச்சியை இதுல காட்டுங்க பார்ப்போம்.

குடியாத்தம்வீடு: அடியில காத்து ஓடுதே, தளத்துல வெயிலே படாதே சார். எங்க மேல் ரூம்ல வித்தியாசம் தெரியுது.

தட்டோடு: இலையும் மண்ணும் அடைச்சு, எலி குடி வந்த பிறகு சொல்லுங்க.

சத்துவாச்சாரிக்காரன்: 14 டைல் தூக்கினேன். அடியில உடைஞ்ச கிரானைட் துண்டு, சில இடத்துல ரெண்டு அடுக்கு. மூணு இடம் கோட்டிங் கிழிஞ்சிருக்கு. குழாய் வாயைச் சுத்தியும் உரிஞ்சிருக்கு.

பாலாறு: கல்லை எல்லாம் எடுத்துடுங்க. ஒவ்வொரு கிழிசலையும் சுத்தி ஒரு ஜாண் தேய்ச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு அதே பியூவை ஃபைபர் வலையோட ரெண்டு கை பூசுங்க. கடைசி அஞ்சு வரிசைக்கு 75லருந்து 100 எட்டுற சைஸ், அடியில ரப்பர் பேட். குழாய் வாய் மேல இருக்கிற டைலை எப்பவும் தனியாத் தூக்க வரணும்.

ஆனா ஓதம் கிழிசலாலயா, குழாய் வாயாலயான்னு தெரியாம மூடாதீங்க. பூசறதுக்கு முன்னாடி குழாயை அடைச்சு, கிழிசல் இருக்கிற இடத்துக்கும் வாய்க்கும் நடுவுல களிமண் வரப்பு கட்டி, ஒரு பக்கம் மட்டும் ரெண்டு அங்குலம் தண்ணி ஒரு நாள் நிறுத்துங்க. அப்புறம் மறுபக்கம். கீழ ஓதம் எப்ப கூடுதுன்னு குறிச்சு வைங்க.

சத்துவாச்சாரிக்காரன்: சரிங்கண்ணா. மேஸ்திரி நாளைக்கு வர்றார்.

ஆம்பூர்சைட்: தண்ணி நிறுத்திப் பார்த்தீங்களா? எந்தப் பக்கம் கசிஞ்சுது?

பாலாறு: நாலு நாளாச்சு, மழையும் ஆரம்பிச்சுடுச்சு. பூசி மூடிட்டீங்களா?