மேட்ரிக்ஸ் நிர்வாகத்துக்குத் தமிழ்ச் சொல்: அணியா, ஊடுபாவா?

ஆத்தூரிலிருந்து:
வணக்கம். ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் செய்கிற ஆலையில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். ஆலை பெரிதாகிக்கொண்டே போவதால், ஆட்களை எப்படிப் பிரிக்கலாம் என்று மேஸ்திரிகளுக்கும் புரியும்படி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. உற்பத்தி, விற்பனை, கணக்கு என்று பிரிப்பதை 'வேலைவாரி' என்றேன். ஜவ்வரிசி தனி, ஸ்டார்ச் தனி என்பதைச் 'சரக்குவாரி' என்றேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிற மேட்ரிக்ஸுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

சேலம், கணித ஆசிரியர்:
இதில் என்ன குழப்பம் அம்மா? பாடநூலில் மேட்ரிக்ஸ் என்றால் 'அணி'. நிரை ஒரு துறை, நிரல் ஒரு சரக்கு. 'அணி அமைப்பு' என்று எழுதிவிடுங்கள்.

ஏற்காடு, ஓய்வுபெற்ற மேலாண்மைப் பேராசிரியர்:
நிரை, நிரல் பொருத்தம் சரிதான் சார். ஆனால் ஆலையில் அணி என்றால் ஷிப்ட் ஆட்கள் கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். இலங்கைப் பாடநூலில் 'தாயம்' என்பார்கள். அது இங்கே சோழி உருட்டுகிற ஆட்டம்.

சொல்லுக்கு முன்னால் விஷயத்தைப் பார்ப்போம். அம்மா, உங்கள் ஆலையில் பரிசோதனைக் கூடம் ஒன்றா, இரண்டா?

ஆத்தூரிலிருந்து:
ஒன்றுதான் ஐயா. மூன்று பேர். தினம் சண்டையே அங்கேதான். நெசவாலைக்குப் போகிற ஸ்டார்ச்சுக்கு ஈரப்பதம் பார்த்து முடிவதற்குள், வடக்கே போகிற ஜவ்வரிசி லாரி கேட்டில் நிற்கும்.

ஏற்காடு:
அந்த மூன்று பேரை வைத்தே சொல்கிறேன். வேலைவாரி அமைப்பில் அவர்கள் தரத்துறைத் தலைவருக்குக் கீழே இருப்பார்கள். சோதனை முறை ஒன்றாக இருக்கும், ஒருவரிடம் ஒருவர் கற்பார்கள். ஆனால் எந்த லாரிக்கு முன்னுரிமை என்று கேட்டால், தரமும் விற்பனையும் உற்பத்தியும் ஒன்றுசேரும் ஒரே இடம் முதலாளியின் மேசைதான். ஒரே மாதிரிக் கேள்வி வாரத்தில் நாலு முறை அவரிடம் போனால், வேலைவாரி அமைப்பு நிறுவனத்துக்குப் போதவில்லை என்று பொருள்.

சரக்குவாரியாகப் பிரித்தால் ஸ்டார்ச் தலைவர் தன் ஆளுக்குத் தானே சொல்வார், தாமதம் போகும். லாப நட்டமும் தனித்தனியாகத் தெரியும். விலை என்னவென்றால், ஈரப்பதக் கருவி இரண்டு வாங்க வேண்டும். மூன்று பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் ஒருவர்தான், அவர் லீவு போட்டால் சோதனையே இல்லை.

மேட்ரிக்ஸில் கூடம் ஒன்றாகவே இருக்கும். எப்படிச் சோதிப்பது, யாருக்குப் பயிற்சி என்பது தரத்துறைத் தலைவர் கையில். எதை, எப்போது என்பது சரக்குத் தலைவர் கையில். இந்தக் கோட்டை எழுதி வைக்காமல் ஆரம்பித்தால், இரண்டு பேரும் "என் வேலை அவசரம்" என்பார்கள், நடுவில் இருப்பவர் யார் அதிகம் கத்துகிறாரோ அவர் சொல்வதைச் செய்வார். சம்பள உயர்வுக்கு எழுதுவது யார் என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை:
எங்கள் பட்டறையில் நானும் தம்பியும் பங்கு. ஆசாரிக்கு நான் ஒன்று சொன்னால் தம்பி வேறொன்று சொல்வான். இதுவும் மேட்ரிக்ஸ்தானே? பங்கைப் பதிவு செய்தால் சரியாகுமா?

ஏற்காடு:
தம்பி, அது ஒரே வேலைக்கு இரண்டு முதலாளிகள். மேட்ரிக்ஸில் இரண்டு தலைவர்களும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். பத்திரம் பங்குக்குத்தான். டிசைனை யார் சொல்வது, டெலிவரி தேதியை யார் சொல்வது என்று நீங்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாபேட்டை, நெசவாளர்:
இதைப் படித்ததும் எனக்குத் தறிதான் ஞாபகம் வந்தது. பாவு நீளவாக்கில் முன்னமே கட்டியிருக்கும், ஊடை குறுக்கே ஓடும். இரண்டும் சேர்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிணைப்பு. 'ஊடுபாவு அமைப்பு' என்றால் எங்கள் பக்கம் விளக்கமே வேண்டாம்.

ஏற்காடு:
அருமையான சொல். துறை நிலைத்து நிற்கிற பாவு, சரக்கு மாறி மாறி வருகிற ஊடை. பரிசோதனை ஆள் நிற்கிற இடம் அந்தப் பிணைப்பு.

கணித ஆசிரியர்:
அழகாக இருக்கிறது, ஆனால் துணியில் நூல்களுக்குள் சண்டை கிடையாது. இரண்டு பேருக்குப் பதில் சொல்கிற கஷ்டம் அதில் தெரியவில்லையே. 'இருதலைமை' என்றால்?

ஏற்காடு:
அப்படிச் சொன்னால் கொலுசுப் பட்டறைத் தம்பி போலத்தான் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் உங்கள் கவலை நியாயம். மின்சாதனங்கள் செய்கிற ஏபிபி நிறுவனம் 1988-ல் ஸ்வீடனின் அசேயா நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவெரி நிறுவனமும் இணைந்து உருவானபோது, நாட்டுத் தலைவர், தொழில் தலைவர் என்று இரண்டு பக்கமும் பதில் சொல்கிற அமைப்பை வைத்தது. பத்து வருஷத்தில், 1998-ல், அதைக் கைவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே பாரமாகிப்போனது. அம்மா, ஆலை முழுவதையும் மாற்ற வேண்டாம். பரிசோதனைக் கூடத்துக்கு மட்டும் ஊடுபாவு வையுங்கள்.

ஆத்தூரிலிருந்து:
கூடத்துக்கு மட்டும் என்று எழுதித் தருகிறேன் ஐயா. சொல்லுக்கு ஊடுபாவு என்றே போடுகிறேன். ஆனால் 'சரக்குவாரி'யில் ஒரு சிக்கல்: நாளைக்கு மகாராஷ்டிரத்துக்குத் தனிப் பிரிவு வைத்தால் அது வட்டாரம், சரக்கு இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

அம்மாபேட்டை:
தனித்தனியாக லாபக் கணக்கு பார்ப்பதுதானே அதன் அடையாளம்? 'தனிக்கணக்குப் பிரிவு' என்று சொல்லிப் பாருங்கள்.

கணித ஆசிரியர்:
கணக்குத் துறையோடு குழம்புமே. இரண்டு நாள் கொடுங்கள், யோசிக்கிறேன்.