செம்மண் சேறும் அலுவலக உடுப்பும் – எங்கள் ஒழுங்கைக் குழு

ரஜனி: எல்லோருக்கும் வணக்கம். உரும்பிராயிலிருந்து நகரத்திலுள்ள அலுவலகத்திற்கு ஸ்கூட்டியில் போய் இறங்கும்போது, சல்வாரின் கால் விளிம்பெல்லாம் செம்மண் புள்ளியாக இருக்கிறது. இந்த மாரிக்கு இரண்டு சோடி தைக்கப் போகிறேன். எந்த நிறத்தில் எடுத்தால் நல்லது?

நடராசா மாமா: கறுப்பு எடு பிள்ளை, எந்த அழுக்கும் அதில் தெரியாது.

சுகந்தி அக்கா: மாமா, சேறு ஈரமாக இருக்கும்வரைக்கும் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் செம்மண் காயக் காய வெளிறிவிடும் என்பதால், காலையில் கண்ணுக்குப் படாத புள்ளி பத்து மணிக்குக் கறுப்புத் துணியில் பளிச்சென்று தெரியும். போன மாரியில் தையல் மிச்சத் துண்டுகள் ஐந்தில் எங்கள் வளவுச் சேற்றைத் தெளித்து, இரவு முழுவதும் விறாந்தையில் காயவிட்டுப் பார்த்தேன். கறுப்பிலும் கடும் நீலத்திலும் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணக்கூடியதாக இருந்தது; மண்ணிறத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது; செங்கபில நிறத்தில் சிறு பூப்போட்ட துண்டில் எது பூ, எது சேறு என்று தேட வேண்டியிருந்தது.

கவிதா: நான் படிப்பிக்கும் தீவுப்பகுதிப் பாடசாலைக்குச் சேலைதான் உடுத்திக்கொண்டு போக வேண்டும். அங்கே செம்மண் இல்லை, சாம்பல் நிற மணல்தான். எனக்கும் மண்ணிறம் சரிவருமா?

சுகந்தி அக்கா: உங்கள் மண்ணுக்குச் சாம்பல் நிறமே பொருந்தும், கவிதா. நடக்கிற பாதையின் மண் காய்ந்த பிறகு என்ன நிறமோ, அதற்குக் கிட்டிய நிறத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒரு குறை இருக்கிறது: வெறும் சாம்பல் நிறப் பருத்தி நனைந்தால், நனைந்த இடம் மட்டும் கறுத்துத் திட்டாக நிற்கும். ஆகவே பொடிக்கோடோ சிறு பூவோ போட்டதாகப் பாருங்கள்.

ரஜனி: மழையில் நனைந்தால் கெதியாகக் காயவும் வேண்டும், அக்கா. பொலியெஸ்டர் எடுக்கலாமா?

சுகந்தி அக்கா: தனிப் பொலியெஸ்டர் கெதியாகக் காய்ந்தாலும் புழுக்கத்தில் வியர்வை நாற்றம் பிடிக்கும் என்பதால், பருத்தி கலந்த மெல்லிய துணியையே நான் சொல்வேன். அதைவிட, கால் விளிம்பை இரண்டு அங்குலத்திற்கு மடித்துத் தைக்கக் கொடுக்காதீர்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த மடிப்பு ஈரமாகவே கிடக்கும்; சேறு தெறிப்பதும் அங்கேதான். அரை அங்குலம் போதும்.

நடராசா மாமா: சேறு பட்டதைக் குளோரின் போட்டுத் தோய்த்தால் போய்விடுமே.

சுகந்தி அக்கா: செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துரு, மாமா, குளோரினுக்கு அது போகாது, துணியின் நிறம்தான் போகும். ஈரத்தோடு தேய்த்தாலும் நூலுக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டுத் தூரிகையால் தட்டிய பிறகுதான் சவர்க்காரம் போட வேண்டும்.

நடராசா மாமா: எனக்கென்றால் மினுக்கிய கறுப்புக் காற்சட்டைதான் அலுவலகத்திற்கு மதிப்பு.

ரஜனி: செங்கபிலத்தில் ஒன்று எடுக்கிறேன். மற்றதை எடுக்க முதல், எங்கள் வாசல் சேற்றை ஒரு துண்டில் தெளித்துப் பார்க்கிறேன், அக்கா.