0.8 நானோமீட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்? மாற்றும்போது நாம் தவறிய இடங்கள்

இழைஒளி

ஃபைபர் லேசர்களை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஒரு ஒளிமூலத்தின் நிறமாலையை அனலைசரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். நடு அலைநீளம் 1550 நானோமீட்டர், அகலம் 0.8 நானோமீட்டர். இரண்டையும் அதிர்வெண்ணில் கேட்டிருந்தார்கள். ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் அதிர்வெண் வரும் என்பது பள்ளியிலேயே படித்ததுதானே. 1550-க்கு வகுத்தேன், 193.4 டெராஹெர்ட்ஸ் வந்தது. அதே கையோடு 0.8-க்கும் வகுத்து 3,75,000 டெராஹெர்ட்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என் மூத்தவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நடு 193. அகலம் அதைப் போல 2000 மடங்கு. அப்படியானால் இதன் ஒரு ஓரம் எங்கே போய் விழும்?" யோசித்தேன். 3,75,000 டெராஹெர்ட்ஸ் என்றால் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா எல்லாவற்றையும் தாண்டி எக்ஸ் கதிருக்குள் நிற்கிறது. 0.8 நானோமீட்டர் *அலைநீளம்* உள்ள கதிர் எக்ஸ் கதிர்தான், அதில் தப்பில்லை. ஆனால் என்னிடம் இருந்தது அலைநீளம் இல்லை. இரண்டு அலைநீளங்களுக்கு நடுவே உள்ள *வித்தியாசம்*.

அப்புறம் உட்கார்ந்து இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக மாற்றினேன். 1549.6 நானோமீட்டருக்கு 193.464 டெராஹெர்ட்ஸ். 1550.4-க்கு 193.365. கழித்தால் ஏறத்தாழ 0.1 டெராஹெர்ட்ஸ், அதாவது 100 கிகாஹெர்ட்ஸ். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: முதலில் நான் இரண்டையும் 193 என்று முழு எண்ணாக்கிக் கழித்ததில் பூஜ்யம் வந்தது. தசமத்துக்குப் பின் வரும் இலக்கங்களை விட்டுவிட்டால் இந்த அகலம் கண்ணில் படவே படாது.

இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

சேனல்காரன்

ஒரே ஃபைபரில் பல அலைநீளங்களைத் தனித்தனி சேனல்களாக அனுப்பும் எங்கள் வேலையில் இவ்வளவு கணக்கே வேண்டாம் சார். 0.8 நானோமீட்டர் என்றால் 100 கிகாஹெர்ட்ஸ், 0.4 என்றால் 50. இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் பல வருடமாக ஓட்டுகிறேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இழைஒளி

1550 பக்கத்திலேயே இருக்கும்வரை தப்பாது நண்பரே. 1310-க்குப் போனால் அதே 100 கிகாஹெர்ட்ஸ் 0.57 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். பச்சை லேசர், 532 நானோமீட்டர், அங்கே உங்கள் 0.8 ஏறக்குறைய 850 கிகாஹெர்ட்ஸ். அகலத்தை ஒளிவேகத்தால் பெருக்கி, நடு அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அந்த வர்க்கம்தான் இடத்துக்கு இடம் விடையை மாற்றுகிறது.

சேனல்காரன்

1310-இல் இந்த மாதிரி நெருக்கமான சேனல்களை நான் தொட்டதே இல்லை. அதனால்தான் தெரியாமல் போயிருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

இயற்பியல் ஆசிரியை

என் வகுப்பில் தவறு இதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடும். ரேடியோ முதல் காமா வரை மின்காந்த அலைகளின் பெயர் எழுதிய ஏழு அட்டைகளைக் கொடுத்து, நீளமான அலையிலிருந்து குட்டையானது வரை அடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது மைக்ரோவேவை அகச்சிவப்புக்குக் கீழே வைப்பார்கள். "பேரிலேயே மைக்ரோ இருக்கிறதே மிஸ், அப்போது மைக்ரோமீட்டர்தானே?" என்பார்கள்.

வாக்குவாதம் செய்ய மாட்டேன். மைக்ரோவேவ் அடுப்பின் பின்பக்க அட்டையில் இருக்கும் 2450 மெகாஹெர்ட்ஸ் என்ற எண்ணைக் கொடுத்து மாற்றச் சொல்வேன். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை. 0.122 மீட்டர், அதாவது 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. அப்புறம் அடுப்பின் கதவைக் காட்டுவேன். கண்ணாடிக்குள் இருக்கும் உலோக வலையில் ஓட்டைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான். 12 சென்டிமீட்டர் அலைக்கு அது ஏறக்குறைய சுவர் மாதிரி. அரை மைக்ரோமீட்டர் ஒளிக்கோ அகலத் திறந்த வாசல். அதனால்தான் உள்ளே இருப்பது நமக்குத் தெரிகிறது, சூடாக்கும் அலை வெளியே வருவதில்லை. இதைப் பார்த்தபின் யாரும் அட்டையை மாற்றி வைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்லித் தருவேன். 1 மீட்டருக்கு 300 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிமீட்டருக்கு 300 கிகாஹெர்ட்ஸ், 1 மைக்ரோமீட்டருக்கு 300 டெராஹெர்ட்ஸ். இந்த மூன்று முளைக்குச்சிகள் மனதில் இருந்தால், வந்த விடை எந்தப் பகுதியில் விழ வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும்.

சென்சார் தம்பி

நல்ல வேளை இதைப் படித்தேன் அக்கா. தூரம் அளக்கும் சென்சார் ஒன்று வைத்திருக்கிறேன், 40 கிலோஹெர்ட்ஸ். 300-ஐ 0.04-ஆல் வகுத்தால் 7500 மீட்டர் வருகிறது. இது ரேடியோ அலையா? ஏழரை கிலோமீட்டர் அலையை வைத்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தை எப்படி அளக்கிறது?

இயற்பியல் ஆசிரியை

உங்கள் சென்சார் அல்ட்ராசோனிக் வகைதானே? அது ஒலி, தம்பி. இந்த அடுக்கில் அதற்கு இடமே இல்லை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதை 40,000-ஆல் வகுங்கள், எட்டரை மில்லிமீட்டர் வரும். 7500 மீட்டர் என்பது அதே அதிர்வெண்ணில் ஒரு ரேடியோ அலை இருந்தால் அதற்கான விடை.

பழைய அளவுக்காரர்

300-ஐ வைத்துக்கொள்ளுங்கள், நானும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது என்னை ஒரு முழு மதியம் அலையவிட்டது.

லேசர் 1550.12 நானோமீட்டரில் இருந்தது. வடிகட்டியை அதிர்வெண்ணில் அமைக்க வேண்டும். 3,00,000-ஐ 1550.12-ஆல் வகுத்து 193.53 டெராஹெர்ட்ஸ் என்று அமைத்தேன். மறுபக்கம் ஒளியே வரவில்லை. இணைப்பான்களைத் துடைத்தேன், ஃபைபரை மாற்றினேன், லேசர் செத்துவிட்டதோ என்று தனியாக அளந்தும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒளியின் வேகம் 299792.458 என்று போட்டபோதுதான் 193.40 வந்தது. பிழை பத்தாயிரத்தில் ஏழு பங்குதான். ஆனால் 193 டெராஹெர்ட்ஸில் அந்த ஏழு பங்கு 130 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. என் வடிகட்டியோ 50 கிகாஹெர்ட்ஸ் அகலம்தான் விடும்.

எஃப்எம் ஆண்டெனா வெட்டும்போது இதே பிழை 3 மீட்டரில் 2 மில்லிமீட்டர். அங்கே யாருக்கும் கவலையில்லை.

வானம் பார்ப்பவன்

இழைஒளி சொன்ன அந்த வர்க்கம் என் பழைய குழப்பம் ஒன்றைக் கிளறிவிட்டது. சூரிய ஒளியை அலைநீளத்துக்கு எதிராக வரைந்தால் உச்சி 500 நானோமீட்டர் அருகில் வருகிறது. அதை மாற்றினால் 600 டெராஹெர்ட்ஸ். அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தாலோ உச்சி 340 டெராஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. அது 880 நானோமீட்டர், அகச்சிவப்பு! ஒரே சூரியனுக்கு இரண்டு உச்சியா?

பழைய அளவுக்காரர்

இரண்டும் சரிதான். 500 அருகில் ஒரு நானோமீட்டர் 1.2 டெராஹெர்ட்ஸுக்குச் சமம். 880 அருகில் 0.39-தான். நீலப் பக்கத்து ஒளி அதிக டெராஹெர்ட்ஸில் பரவிக் கிடப்பதால், ஒவ்வொரு டெராஹெர்ட்ஸுக்கும் கிடைக்கும் பங்கு குறைந்து உச்சி சிவப்பைத் தாண்டி நகர்கிறது. மொத்த ஒளி மாறவில்லை, கூறுபோடும் விதம்தான் மாறியது. ஒரு நிறத்தின் அலைநீளத்தை வகுத்து மாற்றலாம், வரைபடத்தின் உச்சியை அப்படி மாற்ற முடியாது.

இயற்பியல் ஆசிரியை

நம் கண் 555 நானோமீட்டரில் அதிகம் உணர்வதற்குக் காரணம் சூரியனின் உச்சி அங்கே இருப்பதுதான் என்று வகுப்பில் சொல்லிவருகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காதோ?

பழைய அளவுக்காரர்

உச்சியை மட்டும் நம்பினால் நிற்காது என்பது என் கருத்து. தண்ணீர் எந்த ஒளியை விடுகிறது என்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

வானம் பார்ப்பவன்

எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கண் எண்ணுவது ஒளித்துகள்களை. அந்தக் கணக்கில் வரைந்தால் உச்சி மூன்றாவது ஓர் இடத்துக்குப் போகும். இன்று இரவு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.