யுபிஎஸ் நாள் முழுக்க பீப் பீப்: உங்கள் அனுபவம்?

கடைக்காரி, சுங்கை சிப்புட்: போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போகவில்லை, விளக்கு லேசாக மங்குகிறது, அவ்வளவுதான். உடனே யுபிஎஸ் 'டக்' என்று பேட்டரிக்கு மாறிக் கத்துகிறது. சில விநாடியில் திரும்பிவிடுகிறது. பேட்டரிக்கு 4 வயது.

தோட்டத்துத் தம்பி: பேட்டரியை மாத்துங்க அக்கா. 3 வருஷம் தாண்டினாலே இப்படித்தான்.

வயர்மேன் அண்ணன்: தம்பி சொன்ன வயசு சரி. ஆனா பேட்டரி பழசானதால யுபிஎஸ் மாறாது. உள்ளே வரும் வோல்ட் அது தாங்கும் அளவைவிட்டு இறங்கினாலோ ஏறினாலோதான் மாறும். மாறினதும் கம்ப்யூட்டர் அணைஞ்சா, அதுதான் பேட்டரியின் வயசு. பிளக்கில் மீட்டர் வச்சுப் பார்த்தீங்களா?

கடைக்காரி: பார்த்தேன் அண்ணே. சும்மா இருக்கும்போது 221. போட்டோஸ்டேட் மெஷின் சூடேறும்போது 196. யுபிஎஸ் புத்தகத்தில் 190க்குக் கீழேதான் மாறும் என்று போட்டிருக்கிறது.

வயர்மேன் அண்ணன்: மீட்டர் மெதுவானது, சராசரியைக் காட்டும். கண நேரச் சரிவு அதில் தெரியாது, யுபிஎஸ் பிடிச்சிடும். ஆனா என்னை உறுத்துறது அந்த 25 வோல்ட். மெஷின் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும்னு வச்சா, வழியில் 5 ஓம் தடை இருக்கு. நல்ல வயரிங்கில் 1 ஓம்கூட வராது. அந்தச் சரிவு முழுக்க ஒரே இணைப்பில்னா, அங்கே 125 வாட் சூடு. மெஷினை அந்தப் பிளக்கில் போடாதீங்க, லைசென்ஸ் உள்ள வயர்மேனை இன்னைக்கே கூப்பிடுங்க.

ஈப்போ ஆசிரியை: என் யுபிஎஸ் கரண்ட் நன்றாக இருக்கும்போதே எப்போதாவது ஒரு பீப் அடிக்கும். எனக்கும் வயரிங்தானா?

வயர்மேன் அண்ணன்: உங்களுடையது வேற டீச்சர். தானாகப் பேட்டரியைச் சோதிக்குதாயிருக்கும். பேட்டரி விளக்கு எரியுதான்னு பாருங்க.

கடைக்காரி: வயர்மேன் வந்தார். பிளக்கின் நியூட்ரல் ஸ்குரூ தளர்ந்து, வயர் கறுத்து, பிளாஸ்டிக் இளகிப்போயிருந்தது. வெட்டிப் புதிதாகப் போட்டார். மெஷின் ஓடும்போது இப்போது 218. பகலில் சத்தமே இல்லை. பேட்டரியும் போய்விட்டது, பிளக்கைப் பிடுங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

தோட்டத்துத் தம்பி: பார்த்தீங்களா, பேட்டரியும்தான்!

வயர்மேன் அண்ணன்: அதுவும்தான் தம்பி. அடிக்கடி மாறினதும், கடைச் சூடும் சேர்ந்து அதைச் சாப்பிட்டிருக்கும்.

கடைக்காரி: ஆனால் இரவு 8 மணிக்கு மேல் இன்னும் கத்துகிறது அண்ணே. எல்லாப் பிளக்கிலும் 205.

வயர்மேன் அண்ணன்: அது வெளியிலிருந்து வருது. 205லிருந்து கண நேரம் சரிஞ்சாலே 190க்குக் கீழே போயிடும். நம்ம மலேசியாவில் அளவு 230, கீழே 6 சதவீதம்வரைதான், அதாவது 216. தேதி, நேரத்தோட படம் எடுத்துப் புகார் கொடுங்க. புது யுபிஎஸ் வாங்கினா, குறைந்த வோல்ட்டைப் பேட்டரி தொடாமலே தூக்கிவிடும் ஏவிஆர் வகையாகப் பாருங்க.

கடைக்காரி: புகார் கொடுத்துவிட்டேன். இன்னும் யாரும் வரவில்லை.