பழைய கடிதங்களைச் சுருக்கி எழுதியவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு வரி உண்டா?

வடசேரி டீச்சர்

எனக்கு உண்டு. இரண்டு சொல்தான்.

ஒரு பழைய ஆலயத்தின் ஆவண அறையில் தகரப்பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே குடும்பக் கடிதங்கள். தபால் தலைக்காக உறைகளை யாரோ முன்னமே எடுத்துப் போய்விட்டார்கள், அதனால் முத்திரையைப் பார்த்துத் தேதி சொல்ல வழியில்லை. யார், யாருக்கு, எந்தத் தேதி, என்ன விஷயம், எங்கே படிக்க முடியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி எழுதுவது என் வேலை.

கொழும்பில் கடை வேலையிலிருந்த ஒரு தம்பி இரணியல் பக்கம் இருந்த அக்காவுக்கு எழுதியவை ஏழு. ஆள் புள்ளியே வைக்கமாட்டார். கொம்பிலும் குறில் நெடில் கிடையாது, எல்லாம் ஒற்றைக் கொம்பு. பழகிவிட்டால் படிக்கலாம். க்ஷேமம் விசாரிப்பு, மழை, மாமன் மகள் கல்யாணம் என்று போகும். ஒரு கடிதத்தில் மட்டும் இப்படி:

"பொன விஷயம (மடிப்பு) எழுத வெணடாம அததானுககு தெரிய வெணடாம"

"போன விஷயம்" என்று படித்தேன். மடிப்பில் போன சொல் "பற்றி"யாக இருக்கும் என்று நானே போட்டுக்கொண்டேன். சுருக்கத்தில் "பழைய மனஸ்தாபத்தை மறந்துவிடச் சொல்கிறார்" என்று எழுதிக் கொடுத்தும் விட்டேன். அந்தக் குடும்பத்துப் பேரன் வந்து வாசித்தார். "பாட்டிக்கும் சின்னத்தாத்தாவுக்கும் என்ன சண்டை டீச்சர்?" என்று கேட்டார். அந்தச் சண்டை மற்ற ஆறு கடிதங்களில் எங்குமே இல்லை. அப்போதுதான் உறைத்தது: "பொன் விஷயம்" என்றும் படிக்கலாமே! அத்தானுக்குத் தெரியாமல் அக்கா நகை கொடுத்திருக்கலாம்.

இன்னொரு கடிதத்தில் "பணயம திருபபிடடென" என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அது கொல்லம் ஆண்டு 1106 மகரம் 3, அதாவது ஜனவரி 1931. இந்த மடிப்புக் கடிதம் 1106 விருச்சிகம் 8, நவம்பர் 1931. அடகை மீட்டுப் பத்து மாதம் கழித்து யார் பொன் ரகசியம் பேசுவார்? அதனால் "போன"வே சரி என்று விட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

குளச்சல் காற்று

தேதி விஷயத்தில் டீச்சர் செய்தது சரிதான். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு, அவ்வளவுதான். எங்கள் வாசகசாலையில் இருந்த கடிதக்கட்டு முழுவதையும் ஒரே நாளில் அப்படித்தான் மாற்றினேன். கஷ்டமே தமிழ் எண்களில்தான். ஒன்று க மாதிரி, இரண்டு உ மாதிரி, எட்டு அ மாதிரி. "அ௳" என்றிருந்ததை ஏதோ பெயரின் தலையெழுத்து என்று நினைத்து, எட்டாம் தேதிக் கடிதத்துக்குத் தேதியே இல்லை என்று எழுதி வைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கம்.

நெய்யூர் தாத்தா

தம்பி, அந்த ஒரே நாள் வேலையை முதலில் திரும்பப் பாரும்.

கொல்லம் ஆண்டு நம் பக்கம் சிங்ஙம் ஒன்றாம் தேதி, ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டோ தனு மாதத்தின் நடுவில் மாறுகிறது. சிங்ஙம் முதல் தனு பாதி வரை 824தான் கூட்டவேண்டும். அதற்குப் பிறகு கர்க்கடகம் முடிய 825.

நானும் இதில் விழுந்தவன்தான். சுசீந்திரத்துக் கோவிலுக்குள் முதல்முறை போய் வந்ததை ஒருவர் எழுதிய கடிதம், 1112 துலாம் 29. நான் நவம்பர் 1937 என்று போட்டேன். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "ஒரு வருஷம் கழித்தா இவருக்கு இவ்வளவு பூரிப்பு?" கோவில் நுழைவு விளம்பரம் வந்தது துலாம் 27, 1112. ஆங்கிலத் தேதி 1936 நவம்பர் 12. இரண்டே நாள் கழித்து எழுதிய கடிதத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டேன். "கை நடுங்க எழுதுகிறேன்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை முதுமை என்று சுருக்கத்தில் எழுதியிருந்தேன் பாரும்!

டீச்சர், உங்கள் விருச்சிகம் 8, 1106 எதில் வரும்?

வடசேரி டீச்சர்

நவம்பர் 1930.

அப்படியென்றால் மடிப்புக் கடிதம்தான் முதலில். இரண்டு மாதம் கழித்து மகரத்தில் பணயம் திருப்பியிருக்கிறார். வரிசையையே நான் தலைகீழாக வைத்திருந்தேன்.

மார்த்தாண்டம் தேன்

உடனே பொன் என்று முடிவுகட்டாதீர்கள். நகையைக் கடிதத்தில் பொன் என்றா எழுதுவார்கள்? எங்கள் பாட்டி "உருப்படி" என்றுதான் சொல்வார். பணயம் வைத்தது நகை என்று யார் சொன்னது, ஆதாரமாக நிலப் பத்திரம் இருந்திருக்கக் கூடாதா?

நெய்யூர் தாத்தா

உங்கள் பாட்டி சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் பொன் என்றுதான் பேச்சு. அந்த ஏழு கடிதத்திலும் இவர் நகைக்கு என்ன சொல் எழுதுகிறார், "போன மாசம்" என்பதை எப்படி எழுதுகிறார் என்று பார்ப்பதுதான் வழி. நம் பாட்டிகள் சாட்சி சொல்ல வரமுடியாது.

ஆரல்வாய்மொழி

எனக்குப் பெரிய அனுபவம் இல்லை. ஒரு கட்டில் பாதி வரி மங்கி, "படிக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டேன், பிறகு வேறொருவர் சுலபமாகப் படித்தார். அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். மேலே இருந்து வெளிச்சம் அடிக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் கிட்டத்தட்ட மேசையோடு ஒட்டிப் பிடித்தால் நிப்பு அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். பழைய இரும்பு மை தாளை அரித்து மறுபக்கம் பழுப்பாக இறங்கியிருக்கும். எனவே பின்பக்கத்தையும் படம் எடுத்து, போனிலேயே இடவலம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் தேய்ந்த எழுத்து அங்கே மிஞ்சியிருக்கலாம். மடிப்பை விரலால் தேய்த்து நிமிர்த்த வேண்டாம். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், பசை பழுத்து மையோடு சேர்ந்து போகும். லாமினேஷன் அதைவிட மோசம். அப்புறம், குறிப்பில் வெறுமனே "தெளிவில்லை" என்று எழுதாமல் எத்தனை சொல், ஏன் என்று எழுதுங்கள். கிழிந்ததா, மங்கியதா, எழுதியவரே அடித்ததா என்று தெரிந்தால்தான் அடுத்தவர் எதைத் திரும்ப முயலலாம் என்று அறிவார்.

பறக்கை

இதையெல்லாம் வாசித்தேன். என் அப்பாவின் தாத்தா பெயரில் ஒரு பத்திரம் இருக்கிறது, கொல்லம் 1090. பாதி மலையாளம். அதை வைத்துப் பட்டா வாங்க முடியுமா?

வடசேரி டீச்சர்

இன்று டார்ச் வைத்துப் பார்த்தேன். ஏழு கடிதத்திலும் "பொன மாசம" மூன்று இடத்தில் இருக்கிறது, போன மாசம்தான். நகை என்ற சொல்லே எங்கும் இல்லை. மடிப்பில் இரண்டு சொல் அளவு இடம், பின்பக்கத்திலும் ஒன்றும் இறங்கவில்லை.

ஆனால் அந்த "பொன"வில் ன-வுக்கு மேலே ஒரு புள்ளி இருக்கிறது. எங்கும் புள்ளி வைக்காத மனிதர். அதே தாளில் ராமபாணப் பூச்சி போட்ட துளைகளும் அதே அளவில் நாலைந்து. இதற்கு மட்டும் நிப்புத் தடம் இருக்கிறதா என்று பத்து நிமிஷம் பார்த்தேன், ஒரு கோணத்தில் இருக்கிறது, மறு கோணத்தில் இல்லை.

சுருக்கத்தை மாற்றிவிட்டேன்: "தம்பி அக்காவுக்கு, கொழும்பு, விருச்சிகம் 8, 1106 (நவம்பர் 1930). ஒரு விஷயத்தை எழுத வேண்டாம், அத்தானுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். அந்த விஷயம்: 'போன' அல்லது 'பொன்'. ன-வின் மேல் புள்ளியா துளையா என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு சொல் மடிப்பில் கிழிந்தது. மகரம் 3 கடிதத்தையும் பார்க்க."

பேரனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் வீட்டில் அந்தச் சண்டையைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கதை கிளம்பிவிட்டதாம்.